வேலையும் சட்டமும் – 14: மூன்று லாட்ஜ் பில்கள்

கோவையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பம்ப்செட் கம்பெனி. அதன் சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் மாதத்தில் பாதி நாள் தென் மாவட்டங்களில் சுற்றுகிறார். மார்ச் 11, ஏப்ரல் 4, ஏப்ரல் 23 ஆகிய மூன்று இரவுகள் திருநெல்வேலி லாட்ஜ் ஒன்றில் தங்கியதாக, இரவுக்கு 1,450 ரூபாய் வீதம் 4,350 ரூபாய்க்கு கிளெய்ம் போட்டிருக்கிறார். பணமும் கைக்கு வந்துவிட்டது. பிறகு ஆடிட் நடக்கும்போது கணக்குப் பிரிவில் யாரோ மூன்று பில்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறார்கள். பில் எண்கள் 217, 218, 219.

இது உதாரணத்துக்காக நான் ஜோடித்த கேஸ். ஆனால் உள் விசாரணைகளில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. போலி பில் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டுகிறது. பில் புத்தகத்திலிருந்து நாலைந்து தாள்களைக் கிழித்து வாங்கி வைத்துக்கொண்டு வேண்டும்போது நிரப்புகிறார்கள். தேதி நம் கையில் இருக்கிறது; எண் அச்சகத்துக்காரன் கையில் இருக்கிறது. ஆறு வாரமாக அந்த லாட்ஜில் இவரைத் தவிர வேறொரு ஆள் தங்கவில்லையா என்ற கேள்வி தானாக எழுகிறது.

மேலாளருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடு எழுதப்படும் விசாரணை அறிவிப்பு கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: ‘தாங்கள் தொடர்ந்து போலி பில்களைக் கொடுத்து நிறுவனத்தை ஏமாற்றி வந்தது நிரூபணமாகியுள்ளது. எனவே வரும் 12-ஆம் தேதி விசாரணைக்கு ஆஜராக வேண்டும்.’

படித்தால் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு வரியிலேயே வழக்கு பாதி தோற்றுவிட்டது.

முதல் கோளாறு ‘நிரூபணமாகியுள்ளது’. நிரூபணமாகிவிட்டால் விசாரணை எதற்கு? கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் பார்த்தது இதைத்தான். ஏற்றுமதி ஆணையம் அனுப்பிய விளக்கம் கேட்கும் நோட்டீஸிலேயே, தவறு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். முடிவைக் கட்டிவைத்துக்கொண்டு விளக்கம் கேட்பது வெறும் சடங்கு என்று சொல்லி, நோட்டீஸையும் அதன்பேரில் எடுத்த நடவடிக்கையையும் நீதிமன்றம் ரத்து செய்தது. அது பணியாளர் வழக்கு அல்ல. ஆனால் பணியாளர்களின் வழக்குரைஞர்கள் அந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். ‘தெரிய வருகிறது’, ‘குற்றம் சாட்டப்படுகிறது’ என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை.

இரண்டாவது கோளாறு ‘தொடர்ந்து’. எப்போதிலிருந்து, எத்தனை முறை, எந்த ஊரில், எவ்வளவு? குற்றச்சாட்டு மொட்டையாக இருந்தால் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத குற்றச்சாட்டின் மேல் நடக்கும் விசாரணை செல்லாது. 1970-இல் சுரத் சந்திர சக்கரவர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியாகிவிட்டது. இருந்தும் ‘தொடர்ந்து’, ‘பலமுறை’, ‘பல்வேறு சந்தர்ப்பங்களில்’ என்ற சொற்கள் நம் அலுவலகக் கடிதங்களை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன.

இதையெல்லாம் விட, வரைவு எழுதுபவர்கள் கவனிக்காமல் விடும் இன்னொரு விஷயம் உண்டு. ‘போலி பில் கொடுத்தார்’ என்பதற்குள் குறைந்தது இரண்டு குற்றச்சாட்டுகள் ஒளிந்திருக்கின்றன. பில்லில் உள்ளபடி அந்த லாட்ஜில் தங்கவில்லை என்பது ஒன்று. அன்று இரவு அந்த ஊரிலேயே இல்லை என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்று போலத் தோன்றும். விசாரணையில் வெவ்வேறு திசையில் போகும்.

நம் இன்ஜினியர் என்னவெல்லாம் சொல்லலாம் என்று பாருங்கள். ‘அந்த லாட்ஜில் கம்பெனி ஆட்களுக்கென்று தனி பில் புத்தகம் இருக்கிறது சார், வருகிறவன் நான் ஒருத்தன்தான்’ என்பார். சிறிய ஊர் லாட்ஜ்களில் அப்படித் தனிப் புத்தகம் வைப்பது உண்டு. அது உண்மையென்றால் அடுத்தடுத்த எண்கள் ஒன்றையும் நிரூபிக்காது. அல்லது, ‘ஊரில்தான் இருந்தேன், ஆனால் பாளையங்கோட்டையில் மாமா வீட்டில் தங்கினேன், பில் இல்லாவிட்டால் நீங்கள் பணம் தரமாட்டீர்களே’ என்று உண்மையை உடைப்பார். இந்தக் கம்பெனியின் பயணப்படி விதியில் சொந்த ஏற்பாட்டில் தங்கினால் இரவுக்கு 400 ரூபாய் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவருக்கு 1,200 ரூபாய் நியாயமாகவே சேர வேண்டியது. கம்பெனிக்குப் போனது 3,150. பொய் பில் கொடுத்தது பொய் பில் கொடுத்ததுதான். ஆனால் வேலைக்கே போகாமல் போனதாகச் சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. தண்டனையை எடைபோடும்போது அந்த வித்தியாசம் பெரிதாக நிற்கும்.

ஏப்ரல் 4-க்கு மட்டும் இன்னொரு சாட்சியம் இருக்கிறது. மறுநாள் காலை 8.50-க்கு கோவை அலுவலகத்தில் அவர் கைரேகை வைத்திருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து கோவை சுமார் 350 கிலோமீட்டர். இரவு லாட்ஜில் தூங்கிவிட்டுக் காலையில் கிளம்பியிருக்க முடியாது. ஆனால் சாயங்காலம் ரூம் போட்டுக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணி பஸ்ஸைப் பிடித்திருக்க முடியும். எனவே இந்த இரவுக்கு ஆதாரம் கனமானது, ஆனாலும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. மற்ற இரண்டு இரவுகளுக்கு பில் எண்ணைத் தவிரக் கையில் ஒன்றுமில்லை. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஒன்று அவிழும்போது மற்றதும் சேர்ந்து அவிழ்ந்துவிடும்.

ஆகவே கடிதத்தைத் திருப்பி எழுத வேண்டும். இப்படி:

‘2025 மார்ச் 11, ஏப்ரல் 4, ஏப்ரல் 23 ஆகிய தேதிகளுக்குத் தாங்கள் கொடுத்த பயணச் செலவுக் கோரிக்கைகளுடன் முறையே 217, 218, 219 எண்ணிட்ட லாட்ஜ் பில்களை இணைத்து, மொத்தம் ரூ.4,350 பெற்றுள்ளீர்கள். குற்றச்சாட்டு 1: மேற்படி மூன்று இரவுகளிலும் தாங்கள் அந்த லாட்ஜில் தங்கவில்லை என்றும், பில்கள் உண்மையானவை அல்ல என்று அறிந்தே கொடுத்தீர்கள் என்றும் குற்றம் சாட்டப்படுகிறது. குற்றச்சாட்டு 2: ஏப்ரல் 4 இரவு தாங்கள் திருநெல்வேலியில் தங்காமலேயே தங்கும் செலவு கோரினீர்கள் என்று குற்றம் சாட்டப்படுகிறது. இவை நிரூபிக்கப்பட்டால், நிறுவன நிலையாணைகளின்படி நேர்மையின்மை என்ற ஒழுங்கீனமாகும்.’

இதில் அடைமொழி ஒன்றுகூட இல்லை. ‘அறிந்தே’ என்ற சொல் மட்டும் தெரிந்தே வைக்கப்பட்டது. லாட்ஜ்காரர் தேதியைத் தப்பாகப் போட்டுக் கொடுத்ததைக் கவனிக்காமல் இணைத்தவருக்கும், தானே நிரப்பி இணைத்தவருக்கும் நடுவே இருப்பது அந்தச் சொல்தான். அதைக் குற்றச்சாட்டில் வைத்தால் நிரூபிக்கும் பாரமும் கம்பெனியின் தலையில் ஏறும். பாரம் வேண்டாம் என்று அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பிறகு ‘கவனக்குறைவு நிரூபணம், தண்டனை டிஸ்மிஸ்’ என்ற விபரீதத்தில் வந்து நிற்பார்கள்.

உரிமைகளைச் சொல்லும் பகுதி பல அறிவிப்புகளில் ‘உரிய வாய்ப்பு அளிக்கப்படும்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு தொழிலாளி என்ன செய்வார்? நம்பப்படும் ஆவணங்களின் பட்டியலும் நகலும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அசலை இன்ன நாளில் இன்னாரிடம் பார்க்கலாம். நிறுவனத் தரப்பு சாட்சிகள் இன்னார். அவர்களை நீங்கள் குறுக்கு விசாரணை செய்யலாம். உங்கள் தரப்புக்குச் சாட்சிகளையும் ஆவணங்களையும் கொண்டுவரலாம். இப்படிச் சொன்னால்தான் அவருக்குக் கையில் பிடி கிடைக்கும். மொழியையும் சொல்ல வேண்டும். நடவடிக்கைக் குறிப்புகளைத் தமிழில் எழுதச் சொல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பின் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு ‘நான் சொன்னது அதுவல்ல’ என்று லேபர் கோர்ட்டில் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கூட ஒருவரை அழைத்து வரலாமா என்ற கேள்விக்குப் பதில் கொஞ்சம் சிக்கல். நிலையாணைகளில் சொல்லியிருந்தால் தொழிற்சங்க நிர்வாகியோ சக ஊழியரோ வரலாம். எதுவும் சொல்லாவிட்டால் அதை இயல்பான உரிமையாகக் கோர முடியாது என்று 1960-லேயே கலிந்தி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. வழக்குரைஞர் விஷயத்தில் கதவு இன்னும் குறுகலானது. ஆனால் கம்பெனி தன் தரப்பை நடத்தச் சட்டம் படித்த ஆளை உட்காரவைத்தால், தனக்கும் ஒருவர் வேண்டும் என்று ஊழியர் கேட்கலாம். பம்பாய் துறைமுக அறக்கட்டளை வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. எனவே அறிவிப்பில் யார் வரலாம் என்பதையும், நிறுவனத் தரப்பை யார் நடத்தப்போகிறார் என்பதையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை.

ஆவணப் பட்டியலில் கம்பெனிகள் சறுக்கும் இடம் லாட்ஜ் மேனேஜரின் கடிதம். ‘இந்த பில்கள் எங்களுடையவை அல்ல’ என்று அவர் எழுதிக் கொடுத்திருப்பார். அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, அவர் விசாரணைக்கு வரமாட்டேன் என்றால் அந்தக் கடிதத்தை யார் நிரூபிப்பது? ஆவணத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பது வேறு, அதிலுள்ளதை நிரூபிப்பது வேறு என்று ரூப் சிங் நேகி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியார் கம்பெனியின் விசாரணை அதிகாரிக்கு வெளியாளைச் சம்மன் போட்டு வரவழைக்கும் அதிகாரம் கிடையாது. ஆகவே அறிவிப்பை அனுப்பும் முன்பே, லாட்ஜுக்கு நேரில் போய் வருகைப் பதிவேட்டைப் பார்த்த ஆடிட் ஊழியரைச் சாட்சியாகச் சேர்க்க வேண்டும். தான் கண்ணால் கண்டதை அவர் சொல்லலாம். இன்ஜினியர் அவரிடம் ‘தனி பில் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டீர்களா?’ என்று கேட்கலாம். குற்றவியல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். ஆனாலும் ‘இல்லை, கேட்கவில்லை’ என்று அவர் பதில் சொன்னால் மார்ச் 11-ம் ஏப்ரல் 23-ம் ஆட்டம் காணும்.

மீதி நடைமுறைதான். விசாரணை அதிகாரி பில்களைக் கண்டுபிடித்தவராகவோ கிளெய்மை அங்கீகரித்தவராகவோ இருக்கக்கூடாது. ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரணை தொடரும் என்ற வரி கடிதத்தில் இருக்க வேண்டும். தபாலை அவர் வாங்க மறுத்தால் ‘மறுத்தார்’ என்ற குறிப்போடு திரும்பிவரும் உறையைப் பிரிக்காமல் கோப்பில் வைக்க வேண்டும். ஆர்வக் கோளாறில் பிரித்துவிடுபவர்கள்தான் அதிகம்.

விசாரணை முடிந்து அதிகாரி அறிக்கை கொடுத்ததும் தண்டனைக் கடிதம் அடிக்கக் கை பரபரக்கும். 1993-இல் கருணாகர் வழக்கில் வந்த தீர்ப்பின்படி, தனியார் நிறுவனமானாலும் அறிக்கையின் நகலை முதலில் ஊழியருக்குக் கொடுத்து, அதன் மேல் அவர் சொல்வதைக் கேட்ட பிறகுதான் நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும். அந்த இரண்டாவது நோட்டீஸில் ‘உம்மை ஏன் டிஸ்மிஸ் செய்யக்கூடாது?’ என்று மட்டும் கேட்பது ஏன் போதாது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)