உடற்பயிற்சி வலியா, காயமா?

புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவருக்கு வரும் இயல்பான தசைவலி, பயிற்சி நடக்கும்போது வருவதில்லை. அன்று இரவு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் லேசாகப் பிடித்ததுபோல் இருக்கும், இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும், ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் தானாக அடங்கிவிடும். தாமதமாக வரும் இந்த வலியை 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் விவரித்து எழுதியிருக்கிறார்.

லாக்டிக் அமிலம் தசையில் தேங்குவதால்தான் இந்த வலி என்று ஜிம்களில் இன்றும் சொல்கிறார்கள். அது சரியல்ல. அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். வலியோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் நேரத்தில்தான் அதன் நுண்ணிழைகளில் சிறு சிதைவுகள் உண்டாகின்றன. ஸ்குவாட்டில் கீழே இறங்குவது, டம்பெல்லை மெதுவாக இறக்குவது, மாடிப்படியில் இறங்குவது எல்லாம் அப்படிப்பட்ட வேலைதான். சிதைந்த இடத்தைச் சீர்செய்ய உடல் நீரையும் எதிர்ப்பு அணுக்களையும் அங்கே அனுப்புகிறது. அதைத் தொடர்ந்து வரும் லேசான வீக்கமும் நரம்பு முனைகளின் கூடுதல் உணர்ச்சியும்தான் தொட்டாலே வலிப்பதற்குக் காரணம். மலை ஏறியவருக்கு ஏறிய நாளைவிட, இறங்கியதற்கு மறுநாள் தொடை அதிகம் வலிப்பதும் இதனால்தான்.

காயத்தின் வலி வேறு விதம். முதலில் பார்க்க வேண்டியது அது தொடங்கிய நேரம். பயிற்சியின் நடுவே, குறிப்பிட்ட ஒரு அசைவில், சுருக்கென்று குத்தியோ கிழிந்ததுபோலவோ வந்திருந்தால் அது தசை கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம். அடுத்தது இடம். இயல்பான வலி தசையின் பருத்த பகுதி முழுவதும் பரவியிருக்கும். இரண்டு காலுக்கும் ஒரே வேலை கொடுத்திருந்தால் இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே அளவில் உளையும். காயத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், மூட்டிலோ தசை எலும்போடு சேரும் நாணிலோ எலும்பின் மேலோ வலி இருக்கும்.

மூன்றாவது சோதனை அசைவு. இயல்பான வலியோடு எழுந்து பத்து நிமிடம் நடந்தால் இறுக்கம் தளரும். ஓய்ந்து உட்கார்ந்தபின் மறுபடி பிடித்துக்கொண்டாலும் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நடக்க நடக்க வலி கூடினால், நொண்ட வைத்தால், படுத்திருக்கும்போதும் தூக்கத்தைக் கெடுத்தால் அது வேறு செய்தி. கண்ணுக்குத் தெரியும் இரத்தக்கட்டு, மூட்டு வீக்கம், மரத்துப்போதல், முழங்கால் மடங்கி விழுவது, நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாமை ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

தனியாகச் சொல்ல வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. நீண்ட இடைவெளிக்குப் பின் முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்தவருக்கு, தசை பெருமளவில் சிதைந்து அதன் உட்பொருள்கள் இரத்தத்தில் கலக்கும். தசை கல்லாக வீங்கும், கையை மடக்க முடியாத அளவு பலம் குறையும், சிறுநீர் கோலா பானத்தின் நிறத்தில் போகும். சிறுநீரகமே பழுதடையலாம் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை இது. இந்த நேரத்தில் வலிமாத்திரை போட்டுச் சமாளிப்பது சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை.

எடையைக் குறைக்க உணவையும் குறைத்திருப்பவருக்குக் கேள்வி சற்றுச் சிக்கலாகிறது. கலோரிப் பற்றாக்குறை வலியின் தன்மையை மாற்றுவதில்லை. மேலே சொன்ன அடையாளங்கள் அப்படியே பொருந்தும். ஆனால் சீர்செய்யத் தேவையான புரதமும் ஆற்றலும் தூக்கமும் குறைந்தால் தசை மீள்வது மந்தமாகும். அதற்காகப் பயிற்சியை விட்டுவிடவும் கூடாது. பற்றாக்குறையின்போது எடைப் பயிற்சி இல்லாவிட்டால், குறையும் எடையில் கொழுப்போடு தசையும் கணிசமாகப் போய்விடும். ஆகவே செய்வதா வேண்டாமா என்பதைவிட, எவ்வளவு செய்வது என்பதே சரியான கேள்வி.

70 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 500 கலோரி குறைவாகச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் மாலை முதன்முறையாக ஸ்குவாட் நான்கு சுற்று, லஞ்சஸ் மூன்று சுற்று செய்கிறார். புதன்கிழமை படி இறங்கக் கைப்பிடி தேவைப்படுகிறது. இரண்டு தொடையும் ஒரேபோல வலிக்கின்றன, மூட்டில் ஒன்றுமில்லை, நடந்தால் தளர்கிறது. இது இயல்பான வலி. அன்று கை, தோள், முதுகுப் பயிற்சியைத் தடையின்றிச் செய்யலாம். கால்களுக்கு மெதுவான நடையோ சைக்கிளோ போதும்.

வெள்ளிக்கிழமை, வலி லேசாக எஞ்சியிருக்கும்போது, முதலில் வெறும் உடல் எடையில் இரண்டு சுற்று ஸ்குவாட் செய்து பார்க்கிறார். வலி குறைந்து, முழு ஆழத்துக்கு இறங்க முடிந்து, இரண்டு கால்களிலும் சமமாக ஊன்ற முடிந்தால் பயிற்சியைத் தொடரலாம். அப்போது எடையைக் கூட்டாமல் சுற்றுகளைப் பாதியாக்கி, ஸ்குவாட்டை இரண்டு சுற்றோடு நிறுத்துவது நல்லது. தசையைக் காக்க அந்த அளவே போதும். புதிய சிதைவும் குறையும். அதே சோதனையில் வலது தொடையின் பின்புறம் ஒரே இடத்தில் சுருக்கென்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். காயம் என்று தோன்றும் இடத்தை முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தித் தேய்ப்பதும் வலிக்க வலிக்க இழுப்பதும் கூடாது.

வியாழன் காலையில் எடை பார்க்கும் கருவி இவரைக் கலங்கடிக்கக்கூடும். கணக்குப்படி குறைய வேண்டிய எடை அரைக் கிலோவோ அதற்கு மேலோ ஏறியிருக்கும். அது சீரமைப்புக்காகத் தசையில் தேங்கிய நீர். சில நாட்களில் வடிந்துவிடும். இதைக் கொழுப்பு என்று எண்ணி உணவை இன்னும் குறைப்பதுதான் இந்தக் கட்டத்தில் அதிகம் நடக்கும் தவறு.

குறைக்கக் கூடாதது புரதம். சிறுநீரக நோய் இல்லாத ஒருவர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1.6 கிராம் எடுத்துக்கொள்வது பொதுவான அளவுகோல். இவருக்கு அது நாளுக்கு 112 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் என்பதால், இட்லி, சாதம், குழம்பு என்று போகும் வழக்கமான சாப்பாட்டில் இந்த அளவு தானாக வந்துவிடாது. ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், கோழி, சுண்டல், பருப்பு, பனீர், தயிர் இவற்றில் ஏதாவது தட்டில் கணிசமாக இருக்க வேண்டும்.

ஒரே பயிற்சியை இரண்டாம், மூன்றாம் முறை செய்யும்போது தசை பழகிவிடும். வலி முதல் வாரத்தைவிட வெகுவாகக் குறைய வேண்டும். மூன்று நான்கு வாரம் கழித்தும் அதே அளவு வலித்தால், தூக்கும் எடையும் இறங்கிக்கொண்டே போனால், தூக்கம் கெட்டால், உடல் மீளப் போதிய உணவு இல்லை என்று கொள்ளலாம். 500 கலோரிப் பற்றாக்குறையை 250 ஆக்கலாம், அல்லது ஒன்றிரண்டு வாரம் எடை ஏறவும் இறங்கவும் செய்யாத அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தொடரலாம். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதோ நிற்பதோ இதன் வலுவான எச்சரிக்கை. அப்படிப்பட்டவருக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஓரிடத்தில், ஓட ஓடக் கூடும் வலி இருந்தால், தசைவலி என்று தள்ளிவிடாமல் எலும்பில் விரிசல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை ஓட்டமும் குதிப்பும் நிறுத்தப்பட வேண்டும்.