எண்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த ஒரு சனிக்கிழமை

ஜோன்ஸ் என்று ஒருவர். சனிக்கிழமை மதியம் மெஷினைத் தள்ளிக்கொண்டு வீட்டு வாசலில் வளர்ந்த புல்லை வெட்டுகிறார். கதை அவ்வளவுதான். அமெரிக்கத் தத்துவ அறிஞர் நெல்சன் பைக் 1965-இல் எழுதிய கட்டுரையில் வருகிறது இது. சமய மெய்யியல் படிப்பவர்கள் இன்றும் இந்த வாசலைத் தாண்டாமல் மேலே போக முடியாது.

ஜோன்ஸ் புல் வெட்டுவார் என்று கடவுள் 80 வருடத்துக்கு முன்பே, அதாவது அவர் பிறக்கும் முன்பே, நம்பினார் என்று வைத்துக்கொள்வோம். கடவுளின் நம்பிக்கை பொய்க்காது; பொய்த்தால் அவர் கடவுள் இல்லை. இப்போது பைக் கேட்கிறார்: சனிக்கிழமை காலையில், வெட்டாமல் சும்மா இருக்கும் சக்தி ஜோன்ஸுக்கு உண்டா? உண்டு என்றால் அந்தச் சக்தி மூன்றில் ஒன்றைச் செய்தாக வேண்டும். கடவுளின் நம்பிக்கையைத் தவறாக்க வேண்டும், அது நடக்காது. 80 வருடத்துக்கு முன் கடவுள் வேறொன்றை நம்பியிருந்தார் என்று ஆக்க வேண்டும். நடந்து முடிந்ததை யார் மாற்றுவது? அல்லது அன்று நம்பியவர் கடவுளே இல்லை என்று ஆக்க வேண்டும். அதுவும் நடந்து முடிந்த விஷயம்தான். மூன்று கதவும் அடைபட்டால், ஜோன்ஸ் தன் விருப்பப்படிதான் வெட்டினார் என்று எப்படிச் சொல்வது?

இதைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் சொல்வது, “தெரிந்திருப்பது வேறு, செய்ய வைப்பது வேறு” என்பதுதான். பிள்ளை ஜாங்கிரியைத்தான் எடுப்பான் என்று அம்மாவுக்குத் தெரியும், அதனால் அவன் கையை அம்மா பிடித்து இழுத்ததாக ஆகுமா? ஆகாது. ஆனால் பைக்கும் அப்படிச் சொல்லவில்லை. தலையெழுத்திலாவது எழுதுகிறவன் முடிவு செய்கிறான். பைக்கின் கடவுள் எதையும் முடிவு செய்யவில்லை, தெரிந்து வைத்திருக்கிறார், அவ்வளவே. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளை லட்டை எடுத்தால் அம்மா கணித்தது தப்பாகிவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. கடவுள் விஷயத்தில் அந்தத் ‘தப்பு’ என்ற இடமே கிடையாது.

கடவுள் ‘80 வருடத்துக்கு முன்’ நம்பினார் என்பதையே மறுக்கிறது பழைய பதில் ஒன்று. ரோமானிய அறிஞர் போயதியஸ், ஏறக்குறைய 524-இல் மரண தண்டனைக்குக் காத்திருந்தபோது சிறையில் எழுதியது. கடவுளுக்கு நேற்று, நாளை கிடையாது. நம் காலம் முழுவதும் அவருக்கு ஒரே பார்வையில் எதிரே விரிந்திருக்கிறது. ஒருவர் நடப்பதை நாம் பார்ப்பதால் அவர் நடை கட்டாயம் ஆவதில்லை, அதுபோலத்தான். அழகான பதில். ஆனால் லிண்டா சக்செப்ஸ்கி எழுப்பிய சந்தேகம் லேசானதல்ல: நேற்று நடந்ததை நான் தொட முடியாது என்றால், காலத்துக்கு அப்பால் நிலைத்திருக்கும் ஒன்றை மட்டும் எப்படித் தொடுவேன்?

எனக்கு அதிகம் பிடித்த பதில் 14-ஆம் நூற்றாண்டின் ஓக்காம் ஊர் வில்லியம் காட்டிய வழி. கடந்தது எல்லாம் ஒரே மாதிரி இறுகிப்போகவில்லை என்பது அதன் சாரம். 1869 அக்டோபர் 2 அன்று போர்பந்தரில் ஒரு குழந்தை பிறந்தது. இது இறுகிய உண்மை, அன்றோடு முடிந்தது. ‘78 வருடம் கழித்துச் சுடப்படப்போகும் குழந்தை அன்று பிறந்தது’ என்பதும் 1869-ஐப் பற்றிய உண்மைதான். ஆனால் அது உண்மையாக 1948 ஜனவரி 30 வரவேண்டியிருந்தது. சுட்டவன் அன்று மனம் மாறியிருந்தால் அந்த வாக்கியம் பொய். அதற்காக அவன் கடந்த காலத்தை மாற்றியதாக யாரும் சொல்லமாட்டார்கள். இப்படி வருங்காலத்தில் ஒரு காலை வைத்திருக்கும் உண்மைகள் இளகியவை. 80 வருடத்துக்கு முந்தைய கடவுளின் நம்பிக்கையும் இந்த ரகம் என்றால், ஜோன்ஸ் தப்பித்தார்.

ஆல்வின் பிளாண்டிங்கா 1986-இல் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார். போன சனிக்கிழமை பால் என்பவரின் புல்வெளியில் எறும்புகள் குடியேறின. இன்று பால் புல் வெட்டினால் புற்று அழியும். ஆனால் புற்று பிழைக்க வேண்டும் என்பது கடவுளின் எண்ணம். பால் வெட்டப்போகிறார் என்றால் எறும்புகளை அவர் அங்கே வரவே விட்டிருக்கமாட்டார். பால் வெட்டப்போவதில்லை; எறும்புகளும் வந்துவிட்டன. ஆனாலும் வெட்டும் சக்தி பாலுக்கு உண்டு. வெட்டியிருந்தால், போன வாரம் எறும்புகள் வந்தே இருக்காது. எறும்பு வந்தது மண்ணில் கண்ணால் பார்க்கக்கூடிய, நன்றாக இறுகிய சங்கதி. அதுவே இன்றைய முடிவைச் சார்ந்திருக்கலாம் என்றால், ‘கடந்தது கைவிட்டுப் போனது’ என்ற நம் உறுதிக்கு என்ன மிச்சம்? சிலருக்கு இது தீர்வு. சிலருக்கு, விடையைக் காப்பாற்ற எறும்புப் புற்றையே இடம்பெயர்த்த வேலை.

ஸ்பெயின் நாட்டு இயேசு சபைத் துறவி லூயிஸ் டி மொலினாவின் நூல் 1588-இல் வந்தது. எந்த மனிதர் எந்தச் சூழ்நிலையில் தன் விருப்பப்படி என்ன செய்வார் என்பது, உலகைப் படைக்குமுன்பே கடவுளுக்குத் தெரியும் என்றார் அவர். அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது பைபிளில் 1 சாமுவேல் 23. தாவீது கேகிலா ஊரில் இருக்கிறார். சவுல் வருவானா, ஊரார் என்னைக் காட்டிக்கொடுப்பார்களா என்று கேட்கிறார். வருவான், கொடுப்பார்கள் என்று பதில் வருகிறது. தாவீது கிளம்பிவிடுகிறார், சவுல் வரவுமில்லை, ஊரார் காட்டிக்கொடுக்கவுமில்லை. நடக்காமலே போன ஒன்றைப் பற்றிய அறிவு இது. தொமினிக்கன் துறவிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ரோமில் 1598-இல் தொடங்கிய விசாரணையை 1607-இல் போப் ஐந்தாம் பவுல் தீர்ப்பில்லாமலே முடித்து, ஒருவரையொருவர் மதத் துரோகி என்று சொல்லக்கூடாது என்று இருதரப்புக்கும் தடை போட்டார். இன்றும் நிற்கும் கேள்வி ராபர்ட் ஆடம்ஸ் 1977-இல் கேட்டது: முடிவெடுக்கும் கணமே வராதபோது, ‘காட்டிக்கொடுத்திருப்பார்கள்’ என்பதை உண்மையாக்குவது எது? அவர்கள் குணம் என்றால், குணம் கட்டாயப்படுத்துகிறதா, இல்லையா?

அறிவின் எல்லையையே சுருக்கிக்கொண்டவர்களும் உண்டு. வில்லியம் ஹாஸ்கர் போன்றவர்களுக்கு, சுதந்திரமான ஒரு நாளைய செயல் இன்று தெரிவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஆகவே அது தெரியாதது கடவுளுக்குக் குறையும் இல்லை.

இந்தப் பதில்களை உரசிப் பார்க்க நான் எடுப்பது பேதுருவின் கதையை. சேவல் கூவுமுன் நீ என்னை மூன்று முறை மறுதலிப்பாய் என்று இயேசு அந்த இரவில் சொல்லிவிடுகிறார். மனதுக்குள் இருந்த நம்பிக்கை இல்லை இது. வாயில் பிறந்து காதில் விழுந்த ஒலி. இதை இளகிய உண்மை என்று எப்படிச் சொல்வது? ஓக்காமுக்கே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. தீர்க்கதரிசனங்களில் ‘இப்படி நடந்தால்’ என்ற நிபந்தனை சொல்லாமலே உள்ளே இருக்கும் என்றார். நினிவே 40 நாளில் அழியும் என்று யோனா சொன்னது அதில் அடங்கிவிடும். ஊர் மனம் திரும்பியது, அழியவில்லை. பேதுருவுக்கு என்ன நிபந்தனை வைப்பது? ஹாஸ்கர் பக்கத்தவர்கள், பயந்தால் பேதுரு என்ன செய்வான் என்று இயேசுவுக்கு நன்றாகத் தெரியும் என்கிறார்கள். சரி, பயந்து மறுப்பான். மூன்று முறை என்று எண்ணிச் சொன்னது எப்படி? முற்றத்தில் கேட்க வேண்டிய ஆட்களைக் கடவுளே அனுப்பினார் என்று அவர்களில் சிலர் பதில் சொன்னார்கள். அந்த வேலைக்காரப் பெண் தானாக வந்து கேட்டாளா என்பது அடுத்த கேள்வி.