ஒரே காலாண்டில் காணாமல் போன 1,540 கோடி டாலர்

2019 பிப்ரவரி 21. அமெரிக்கப் பங்குச்சந்தை மூடிய பிறகு, கிராஃப்ட் ஹெய்ன்ஸ் நிறுவனம் தன் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. தக்காளி கெச்சப்பும் சீஸும் விற்கும் அந்த நிறுவனம், தன்னிடம் இருந்த சில சொத்துகளின் மதிப்பை 1,540 கோடி டாலர் குறைத்து எழுதியிருந்தது. விளைவாக 2018-ஆம் ஆண்டுக்கு சுமார் 1,020 கோடி டாலர் நஷ்டம். மறுநாள் பங்கு விலை 27 சதவீதம் சரிந்தது. ஆனால் எந்தத் தொழிற்சாலையும் எரிந்துவிடவில்லை, யாரும் பணத்தைக் கையாடல் செய்துகொண்டு ஓடவும் இல்லை. அதே ஆண்டில் அன்றாட வியாபாரம் மூலம் 250 கோடி டாலருக்கு மேல் ரொக்கம் உள்ளே வந்திருந்தது. அப்படியானால் நஷ்டமானது எது?

பதில் 2015-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஹெய்ன்ஸும் கிராஃப்டும் இணைந்தன. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வேயும், பிரேசில்காரர்கள் தொடங்கிய 3ஜி கேப்பிட்டலும் இதன் பின்னணியில் இருந்தன. ஒரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் கட்டடம், இயந்திரம், சரக்கு, பிராண்டு எல்லாவற்றையும் தனித்தனியாக மதிப்பிட்டு, கடனைக் கழிப்பார்கள். கொடுத்த விலை அதைவிட அதிகமாக இருந்தால், அந்த உபரித் தொகை ‘குட்வில்’ என்ற பெயரில் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக ஏறும். எதிர்காலத்தில் நல்ல லாபம் வரும் என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அது.

இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் கழிப்பதுபோல் குட்விலுக்குக் கழிப்பதில்லை. அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும், இந்தியாவில் இண்ட்-ஏஎஸ் விதிகளைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கும் இதுதான் நடைமுறை. அதற்குப் பதிலாக, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு சோதனை நடத்த வேண்டும். வாங்கிய தொழில் எந்தப் பிரிவோடு சேர்க்கப்பட்டதோ, அந்தப் பிரிவின் கணக்குப் புத்தக மதிப்பை குட்விலோடு சேர்த்து ஒரு பக்கம் வைப்பார்கள். அந்தப் பிரிவு உண்மையில் எவ்வளவு பெறும் என்பதை மறுபக்கம் வைப்பார்கள். இரண்டாவது தொகை குறைந்தால், வித்தியாசத்தை எழுதித் தள்ள வேண்டும். அதுதான் ‘இம்பேர்மென்ட்’.

சிக்கல் அந்த இரண்டாவது தொகையில்தான். அதைச் சந்தையில் போய் விசாரிக்க முடியாது. வருங்காலத்தில் வரப்போகும் ரொக்கத்தை ஊகித்து, அதை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட வேண்டும். ஒரு பிரிவு அடுத்த ஆண்டு 100 கோடி ரூபாய் ரொக்கம் ஈட்டும், அது ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய், அதாவது தள்ளுபடி விகிதம், 11 சதவீதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 7 சதவீதத்தால் 100 கோடியை வகுத்தால், மதிப்பு ஏறத்தாழ 1,430 கோடி. புத்தக மதிப்பு 1,300 கோடி என்றால் சோதனையில் தேர்ச்சி. வட்டி விகிதம் ஏறி, தள்ளுபடி விகிதம் 12 சதவீதமானால்? மதிப்பு 1,250 கோடிதான். 50 கோடி இம்பேர்மென்ட். வியாபாரத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாமலே முடிவு மாறிவிட்டது. கூடவே வளர்ச்சி எதிர்பார்ப்பையும் 3 சதவீதமாகக் குறைத்தால் மதிப்பு 1,110 கோடிக்கு இறங்கும். இம்பேர்மென்ட் 190 கோடியாகும்.

இந்த ஊகங்களைப் போடுவது நிர்வாகம்தான். ஆடிட்டர் கேள்வி கேட்பார்; ஆனால் 4 சதவீதம் சரியா, 3 சதவீதம் சரியா என்று அவராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மோசமான செய்தி பெரும்பாலும் தாமதமாக வருகிறது. இன்னொரு காரணமும் உண்டு. வாங்கிய தொழிலை, ஏற்கெனவே நன்றாக ஓடும் பெரிய பிரிவோடு சேர்த்துவிட்டால், பழைய தொழில் தானாக வளர்த்துக்கொண்ட மதிப்பு ஒரு மெத்தைபோல் அடியில் கிடக்கும். அந்த மதிப்பு எந்தப் புத்தகத்திலும் ஏறாதது. வாங்கியது மோசமாகப் போனாலும், அந்த மெத்தை அடியைத் தாங்கிக்கொள்ளும். கிராஃப்டின் தொழில்களுக்கு அப்படி ஒரு மெத்தை இல்லை. மூன்று ஆண்டுக்கு முன்புதான் முழு விலையில் புத்தகத்தில் ஏறியவை அவை. லாப விகிதம் பற்றிய எதிர்பார்ப்பு குறைந்ததும் நேராக அடி விழுந்தது. அமெரிக்கக் குளிர்பதன உணவுப் பிரிவு, கனடா சில்லறைப் பிரிவு ஆகியவற்றின் குட்வில்லும், ‘கிராஃப்ட்’, ‘ஆஸ்கர் மேயர்’ என்ற வணிகப் பெயர்களும்தான் பெரும்பகுதியைச் சுமந்தன.

கணக்கில் இது எங்கெங்கே தெரிகிறது? முதலில் லாப நஷ்டக் கணக்கில் செலவாக வருகிறது. அங்கிருந்து நஷ்டம் பங்குதாரர் நிதிக்குப் போகிறது. கிராஃப்ட் ஹெய்ன்ஸின் பங்குதாரர் நிதி 2017 இறுதியில் சுமார் 6,600 கோடி டாலர். ஓராண்டில் அது சுமார் 5,200 கோடியானது. வழங்கிய டிவிடெண்டும் இதில் ஒரு பங்கு வகித்தது, ஆனால் முதன்மைக் காரணம் இம்பேர்மென்ட்தான். ரொக்க ஓட்ட அறிக்கையிலோ, கழித்த தொகையை நிகர நஷ்டத்தோடு திரும்பக் கூட்டிவிடுவார்கள், ஏனென்றால் இப்போது எந்தப் பணமும் வெளியே போகவில்லை. அது போனது, விலை கொடுத்து வாங்கிய நாளிலேயே.

கடன் அப்படியே நிற்கிறது. 3,100 கோடி டாலர் அளவிலான கடன், பங்குதாரர் நிதியில் 0.47 மடங்காக இருந்தது 0.60 மடங்காக ஏறியது. புதிதாக ஒரு டாலர்கூட வாங்காமலே நிறுவனம் அதிகக் கடன்பட்டதுபோல் தெரியும். கடன் ஒப்பந்தத்தில் இந்த விகிதத்துக்கோ நிகர மதிப்புக்கோ வரம்பு போட்டிருந்தால், காகிதத்தில் நடந்த இந்த மாற்றம் வங்கியோடு நிஜமான பேச்சுவார்த்தையில் போய் முடியலாம்.

அடுத்த ஆண்டுகளில் நடப்பதுதான் வாசகரை ஏமாற்றக்கூடியது. நிறுவனம் 300 கோடி டாலர் லாபம் சம்பாதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 6,600 கோடி பங்குதாரர் நிதியில் அது 4.5 சதவீத வருவாய். அதே லாபம் 5,200 கோடியில் 5.8 சதவீதம். வியாபாரம் ஒரு அங்குலம்கூட முன்னேறவில்லை. வகுக்கும் எண்தான் சிறுத்துவிட்டது. மொத்தச் சொத்து மீதான வருவாயும் இதேபோல் அழகாகும். ஒருமுறை எழுதித் தள்ளிய குட்விலை மீண்டும் ஏற்றவும் விதிகள் அனுமதிப்பதில்லை. எனவே இந்த அழகு நிலைத்தும் நிற்கும். புதிதாகப் பதவியேற்கும் தலைமை அதிகாரிக்கு முதல் ஆண்டிலேயே பெரிய தொகையை எழுதித் தள்ளும் ஆசை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்: பழி முன்னவருக்கு, ஏறுமுக விகிதம் தனக்கு.

இம்பேர்மென்டை நீக்கிவிட்டு ‘சரிசெய்யப்பட்ட லாபம்’ என்று நிறுவனங்கள் காட்டுவது வழக்கம். ஓர் ஆண்டின் வியாபாரத்தைப் புரிந்துகொள்ள அது உதவும். ஆனால் வேறு நிறுவனங்களை வாங்கியே வளரும் ஒரு கம்பெனியில், வாங்கிய விலையும் செலவுதான். கிராஃப்டுக்குக் கூடுதல் விலை கொடுத்துவிட்டோம் என்று பஃபெட் பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

இந்தியப் பட்டியல் நிறுவனங்களின் ஆண்டறிக்கையில், குட்வில் பற்றிய குறிப்பு இருக்கும். முக்கியமான பிரிவுகளுக்கு எந்தத் தள்ளுபடி விகிதம், எந்த வளர்ச்சி விகிதம் போட்டார்கள் என்று அதில் பாருங்கள். ஊகங்கள் சற்றே மாறினாலும் சோதனையில் தோற்கும் நிலை என்றால், எவ்வளவு இடைவெளி மிச்சமிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். விற்பனை தேங்கிய ஒரு பிரிவுக்கு 5 சதவீத நிரந்தர வளர்ச்சி போட்டிருந்தாலோ, நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு அதன் பங்குதாரர் நிதியைவிட நெடுநாளாகக் குறைந்திருந்தாலோ, இம்பேர்மென்ட் அறிவிப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தத் தொகையை மனக்கணக்கில் இப்போதே கழித்துவிட்டு விகிதங்களைப் போட்டுப் பாருங்கள்.