ஓரத்தில் எழுதிய அம்மா

மகன் வெளிநாட்டில் படித்த காலத்தில் அப்பா எழுதிய நீல நிற ஏரோகிராமை, தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக இன்று ஆங்கிலத்தில் தர வேண்டும். முதல் வேலை, உள்ளது உள்ளபடி படியெடுப்பது. ஏரோகிராம் ஒற்றைத் தாள். உள்ளே வேறெதுவும் வைக்க அனுமதியில்லை. அதனால் அம்மாவின் வரிகள் பெரும்பாலும் ஓரத்தில்தான் நெருக்கியடித்துக் கிடக்கும். கையெழுத்து மாறும் இடத்தைக் குறிக்காவிட்டால் அவள் சொன்னதும் அப்பா கணக்கில் சேர்ந்துவிடும்.

‘வளையலை மீட்டாயிற்று’ என்று அப்பா எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மீட்டது யார்? தமிழ் வாக்கியம் அதைச் சொல்லாமலே நிறைவாக நிற்கிறது. ஆங்கிலத்துக்கு எழுவாய் வேண்டும். ‘நான் மீட்டேன்’ என்று பெயர்த்தால் தவறாகலாம். ஓரத்தில் அம்மா, ‘மாமா பணம் அனுப்பினார்கள்’ என்கிறாளே! வளையலையே எழுவாயாக்கிச் செயப்பாட்டு வினையில் எழுதுவதே பத்திரம். ‘அனுப்பினார்கள்’ இங்கே மரியாதைப் பன்மை, அனுப்பியவர் ஒருவர்தான். அவர் அம்மாவின் அண்ணனா, அத்தையின் கணவரா என்பதைக் குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.