பிழிந்து அலசினால்தான் சோப்பு போகும்

தாய்மார்களே, வாய்க்காலில் அலசும்போது ஓடுகிற தண்ணீரே சோப்பை இழுத்துக்கொண்டு போய்விடும். வாளியில் நாம்தான் பிழிந்து எடுக்கணும். சோப்பு தங்கிய துணி காய்ந்ததும் விறைத்துப்போகும். வேர்வை பட்டால் உடம்பை அரிக்கும். கைக்குழந்தையின் துணியானால் தொடையிடுக்கு சிவந்துபோகும்.

முதலில் வெறும் தண்ணீரில் மண்ணைப் போக்கிவிடுங்கள். பிறகு 10 லிட்டர் வாளியில் ஒரு மேஜைக்கரண்டி சோப்புத்தூளை நன்றாகக் கரைத்து, அரைமணி நேரம் ஊறவையுங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் வாடை அடிக்கும். சாயத்துணியானால் சாயம் இறங்கும்.

கசக்கிய துணியை அப்படியே அலசும் வாளியில் போடாதீங்க. நாலு துணி 2 லிட்டர் சோப்புத் தண்ணீரைப் பிடித்திருக்கிறது என்று வையுங்கள். அதை 8 லிட்டர் நல்ல தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்தால், சோப்பில் ஐந்தில் ஒரு பங்கு துணியோடேயே திரும்பி வரும். அரை லிட்டர் மிஞ்சும்படி முதலிலேயே பிழிந்து போட்டு, எடுக்கும்போதும் அப்படியே பிழிந்தால், பிழிந்த துணியிலிருந்த சோப்பில் பதினேழில் ஒரு பங்குதான் தங்கும். இப்படி மூன்று தண்ணீர் மாற்றுங்கள். பட்டு, கம்பளித் துணிகளை முறுக்காமல் உள்ளங்கையால் அமுக்கி எடுங்கள்.

கடைசியாகப் பிழிந்த தண்ணீரை விரலில் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் இன்னொரு தண்ணீர் வேணும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கட்டிச்சோப்பு போட்டால் வெள்ளைத் திப்பி துணியில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஊர்களில் சோப்புத்தூளே நல்லது.