பசி எடுக்காத பயிற்சி வாரங்கள்

மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்களின் அட்டவணையில் கடினமான வாரங்கள், போட்டிக்கு ஒன்றரை மாதம் முன்னதாக வரும். வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடியவர் 80, 90 என்று ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் 28 கிலோமீட்டரைத் தொடும். உடல் அதிகம் செலவழிக்கும் இந்த நாட்களில்தான் பலருக்குச் சாப்பாடு இறங்காமல் போகிறது. ஓடி முடித்து வந்தவர் முன்னால் தட்டு நிறைய பொங்கல் வைத்தால், இரண்டு வாய்க்கு மேல் உள்ளே போகாது.

ஓடும்போது ரத்தம் கால் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுகிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் வெகுவாகக் குறைகிறது. அதோடு, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கடும் உழைப்பில் தாழ்ந்துவிடுகிறது. வயிறு நிறைந்ததாகச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் உயர்கின்றன. உடற்சூடும் நீரிழப்பும் இந்த மந்தத்தை இன்னும் கூட்டுகின்றன. வெயில் ஏறிய பிறகு ஓடி முடிப்பவருக்கு, விடியற்காலையில் முடிப்பவரைவிட வாய் கசப்பது இதனால்தான்.

சாதாரண நாட்களில் இந்த மந்தம் ஓரிரு மணி நேரத்தில் விலகி, மதியத்துக்குள் பசி திரும்பிவிடும். கடினமான வாரங்களில் அப்படி இருப்பதில்லை. ஒரு மந்தம் தீர்வதற்குள் அடுத்த ஓட்டம் வந்துவிடுகிறது, தூக்கம் குறைகிறது, களைப்பில் சமைக்கவும் மெல்லவும்கூட மனம் வராது. உடல் செலவழித்ததைப் பசி உடனுக்குடன் கணக்கு வைப்பதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, ஓய்வு நாளில்தான் அது மொத்தமாக வந்து கேட்கும். அதற்குள் தசைகளில் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் வற்றிப்போய், வழக்கமான வேகத்திலேயே கால்கள் கனக்கத் தொடங்கியிருக்கும்.

ஒரு நாள் கணக்கைப் பார்த்தால் பள்ளம் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஓடுபவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 28 கிலோமீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 1,700 கலோரி. ஓடாவிட்டாலும் அன்றாட வாழ்க்கைக்கு 2,000 கலோரி வேண்டும். ஆக, அன்றைய தேவை சுமார் 3,700. அவர் பசியை மட்டும் நம்பினால் என்ன நடக்கும்? காலை ஒன்பதரைக்கு மூன்று இட்லியும் காபியும், மதியம் கொஞ்சம் சாம்பார் சாதம், மாலை டீயும் பிஸ்கட்டும், இரவு மூன்று சப்பாத்தி. எல்லாம் சேர்ந்து 1,500 கலோரியைத் தாண்டாது. தேவையில் பாதிகூட இல்லை.

இதை ஒரே பெரிய சாப்பாட்டால் ஈடுகட்ட முடியாது. மந்தமான வயிறு அதைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த வாரங்களில் பசியைக் கேட்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். மெல்ல முடியாததைக் குடிக்க வேண்டும். மெல்லும் உணவைவிடப் பானம் சுலபமாக இறங்கும். வயிற்றையும் சீக்கிரம் விட்டுப் போகும்.

அதே 60 கிலோக்காரரின் ஞாயிற்றுக்கிழமையை இப்படி மாற்றி அமைக்கலாம். ஐந்து மணி ஓட்டத்துக்கு முன் ஒரு வாழைப்பழமும் மூன்று பேரீச்சம்பழமும். ஓடும்போது மணிக்கு 600 மில்லி தண்ணீர். அதில் 40 கிராம் சர்க்கரை, அதாவது எட்டு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி உப்பு. மூன்று மணி நேரத்தில் இதிலிருந்து மட்டும் 480 கலோரி வந்துவிடும். ஓட்டத்திலேயே ஓரளவு போட்டுவிட்டால் பின்னால் ஈடுகட்ட வேண்டியது குறைகிறது. வீடு திரும்பும்போது குமட்டலும் அவ்வளவாக இருக்காது.

ஓடி முடித்த அரை மணிக்குள் 300 மில்லி பால், இரண்டு வாழைப்பழம், ஐந்து பேரீச்சம்பழம், இரண்டு கரண்டி பால் பவுடர் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் குளிரக் குடித்தால் சுமார் 480 கலோரி. தசைக்கு வேண்டிய புரதமும் இதில் ஓரளவு வரும். பால் ஒத்துக்கொள்ளாதவர் மோர் சேர்த்த கஞ்சியும் வெல்லம் போட்ட பழக்கூழும் எடுக்கலாம். பிறகு குளித்து, மின்விசிறிக்கடியில் சற்று உட்கார்ந்தால் உடற்சூடு இறங்கும். ஒன்பதரைக்கு நாலு இட்லியும் எண்ணெய் விட்ட பொடியும் அப்போது உள்ளே போகும். பதினொன்றரைக்கு ஒரு கிண்ணம் தயிர்சாதம். மதியம் வெள்ளைச் சாதம், நெய் பருப்பு, உருளைக்கிழங்கு, இரண்டு முட்டை. மாலை டீயோடு இரண்டு கடலைமிட்டாய். இரவு மூன்று தோசை. படுக்கும் முன் தேன் கலந்த பால். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 3,700 வருகிறது. ஒரு வேளைகூட வயிறு திணறும் அளவு இல்லை.

கென்யாவின் ஓட்டக்காரர்கள் நாள் முழுக்கப் பாலும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்த்த தேநீர் குடிப்பதும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. நம் வீட்டு டீக்கும் அந்தத் தகுதி உண்டு. வெறும் வயிற்றில் கருங்காபி குடிப்பதுதான் கூடாது. இருக்கும் கொஞ்சப் பசியையும் அது அடக்கிவிடும்.

நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறு ஒன்று உண்டு. பயிற்சி ஏறும்போது உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வதாக நினைத்து, சாதத்தை விட்டுச் சிறுதானியத்துக்கும் பெரிய தட்டுச் சாலட்டுக்கும் மாறுகிறார்கள். நார்ச்சத்து வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடுகிறது. கலோரி குறைவாகவே வருகிறது. மற்ற மாதங்களில் கேழ்வரகும் கீரையும் அருமையான உணவு. கடினமான மூன்று நாலு வாரங்களில் மட்டும் வெள்ளைச் சாதம் முன்னால், காய்கறி பின்னால் என்று வரிசையை மாற்ற வேண்டும். சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடிப்பதும் இதே கெடுதலைச் செய்யும்.

சாப்பாடு போதவில்லை என்பதை உடல் சில அடையாளங்களால் சொல்லும். காலையில் கழிப்பறை போய் வந்த பிறகு பார்க்கும் எடை, வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கும். களைத்துப் படுத்தும் நடு இரவில் விழிப்பு வரும். காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக நிற்கும். சளி பிடித்தால் விடாது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். இது கடும் பயிற்சியில் இயல்பு என்று சில பயிற்சியாளர்கள் இன்னும் சொல்லிவருகிறார்கள், அது தவறு. உணவுப் பற்றாக்குறையால் மாதவிடாய் நிற்கும்போது எலும்பும் வலுவிழக்கிறது. கணுக்காலுக்கு மேலே, கணைக்கால் எலும்பில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படியான ஓரிடத்தில் வலித்தால், எலும்பில் விரிசல் விழுந்திருக்கக்கூடும்.

உணவை இப்படி ஒழுங்கு செய்தும் எடை இறங்கிக்கொண்டே போனால், ஓட்டத்தைத்தான் குறைக்க வேண்டும். அந்த வாரத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால், பெரும்பாலும் சில நாட்களில் பசி திரும்பிவிடும். முழு ஓய்வு எடுத்தும் ஒரு வாரத்துக்குள் பசி வராவிட்டால் பயிற்சியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, கல்லீரல் கோளாறு என்று வேறு எதுவும் பின்னால் இருக்கலாம். அப்போது அடுத்த ஓட்டத்துக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.