ஒட்டிப்போன நிரல்களைப் பிரிப்பது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையின் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து ஓ.சி.ஆர். மென்பொருளிடம் கொடுத்தால், சில நேரம் கோடும் கட்டமும் தொலைந்து எல்லாம் ஒரே ஓட்டமாக வந்து விழும். மாநிலம், மொத்தம், ஆண், பெண் என்ற 4 நிரல்கள் இப்படி ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம்:

```
தமிழ்நாடு 7,21,47,030 3,61, 37,975 3,60,09,055 கேரளா 3,34,06,061 1,60,27,412 1,78,78,649 புதுச்சேரி 12,47,953 6,12,511 6,35,442
```

உடனே என்டர் தட்டத் தொடங்காமல் முதலில் எண்ணிப் பாருங்கள். 3 பெயர்களுக்கு 9 எண்கள் இருக்க வேண்டும்; இங்கே 10 துண்டுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் ஆண்கள் எண்ணிக்கையில் காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி புகுந்து, ஒரே எண்ணை இரண்டாக்கிவிட்டது. காற்புள்ளியில் முடியும் துண்டு முழு எண்ணாக இருக்க முடியாது. அதனால் காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்து வரும் இடங்களில் இடைவெளியை நீக்கி, எண்களை ஒட்டவைத்துவிட வேண்டும். அதன் பிறகே காற்புள்ளிகளை எடுக்கலாம். முந்தி எடுத்தால் எது எதோடு சேரும் என்பதற்கு அடையாளமே இருக்காது.

அடுத்து, நோட்பேட்++ போன்ற எடிட்டரில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தேடலைப் பயன்படுத்தலாம். எண்ணை அடுத்து எழுத்து வரும் இடத்தில் வரி உடைய வேண்டும்; எண்ணுக்கு முன்னுள்ள இடைவெளி டேப் ஆக வேண்டும்.

```
தேடு: (\d) +([^\d\s])   மாற்று: $1\n$2
தேடு:  +(?=\d)          மாற்று: \t
```

இரண்டாவது தேடல் ஓர் இடைவெளியோடு தொடங்குகிறது. அதை விட்டுவிடக் கூடாது. பெயருக்கு நடுவே உள்ள இடைவெளியை இது தொடாது என்பதால் ‘அந்தமான் நிக்கோபார்’ உடையாமல் நிற்கும். முடிவை விரிதாளில் ஒட்டினால் நிரல்கள் தாமாக அமரும்.

பார்வைக்கு அட்டவணை இப்போது ஒழுங்காக இருக்கும். ஆனால் எனக்கு அந்த ஒழுங்கின்மேல்தான் அச்சம் அதிகம். E நிரலில் `=C1+D1-B1` என்று போட்டு கீழே இழுங்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் 0 வரும். கேரளாவுக்கு 500000 வரும். ஒரேயொரு இலக்கம் மட்டும் மாறியிருந்தால் வித்தியாசம் இப்படிச் சுத்தமாக வரும். பிழை லட்சத்தின் இடத்தில் என்று அதுவே காட்டுகிறது. மூன்று எண்களின் லட்ச இலக்கங்களைப் பாருங்கள்: 4, 0, 8. கூட்டுத்தொகையில் 5 கூடியிருப்பதால் மொத்தத்தில் 9 இருந்து 4 ஆகியிருக்கலாம், அல்லது பெண்கள் எண்ணிக்கையில் 3 இருந்து 8 ஆகியிருக்கலாம். மங்கிய அச்சில் 3-ஐ 8 என்று படிப்பதே வழக்கமான பிழை. ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கினால் 1,73,78,649 என்று தெரியும்.

காலியான கட்டம்தான் இதைவிடத் தொல்லை. அச்சில் வெறுமையாக விடப்பட்டதை ஓ.சி.ஆர். சொல்லாது, அடுத்த எண் இடப்பக்கம் நகர்ந்து அதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். அந்த வரியில் ஓர் எண் குறைவதை வைத்து ஏதோ விடுபட்டது என்று அறியலாம், எது என்று அறிய முடியாது. எழுத்தறிவு விகிதம்போல ஒன்றோடொன்று கூட்டிப் பார்க்க முடியாத நிரல்களில் இந்தக் கழித்தல் சோதனையும் கைகொடுக்காது. அங்கே படத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டியதுதான்.